பூட்டக்காவும் இரண்டு தடவை போன பணமும்

சோப்புத் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. மற்றபடி மேனேஜர் முதல் வாசல் காவல்காரர் வரைக்கும் அவள் பூட்டக்கா. ஒரு கையெழுத்து குறைந்த பில்லோடு வந்த லாரிக்காரர் ஒருவரை மூன்று நாள் அலைய விட்டாள். அந்த மனுஷர் வயிற்றெரிச்சலில் வைத்த பெயர் அது. வைத்தவர் வேறு ஊர் போய்விட்டார், பெயர் தங்கிவிட்டது. அவளுக்கும் உள்ளுக்குள் அதில் கொஞ்சம் பெருமைதான். பூட்டு என்றால் திறக்காதது என்று அர்த்தமில்லை, சரியான சாவிக்குத் திறப்பது என்று தன் வீட்டுக்காரரிடம் ஒருமுறை விளக்கம் வேறு சொல்லியிருக்கிறாள்.

அவள் வேலை, சரக்கு கொடுத்தவர்களுக்குப் பணம் கொடுப்பது. கேட்கச் சின்ன விஷயம். ஆனால் எண்ணெய்க்காரர், வாசனைத் திரவியக்காரர், அட்டைப் பெட்டிக்காரர், லாரிக்காரர் என்று எத்தனை பேருடைய வீட்டு அடுப்பு அந்த மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று எண்ணிப் பார்த்தால் சின்ன விஷயமில்லை. நாம் கொடுத்த ஆர்டர், கிடங்கில் சரக்கு இறங்கியதற்கான ரசீது, அவர்கள் அனுப்பிய பில், இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். மூன்றும் ஒரே பேச்சுப் பேசினால்தான் பில் கணக்கில் ஏறும். பணம் கொடுக்க வேண்டிய கெடு முடிந்த பில்லெல்லாம் வெள்ளிக்கிழமைப் பட்டியலில் வந்து நிற்கும். வெள்ளிக்கிழமை மதியம் பணம் போகும். மற்ற நாளில் யார் வந்து அழுதாலும் போகாது.

பணம் கேட்டு வரும் போன்களுக்கும் ஒரு சட்டம் வைத்திருந்தாள். வியாழக்கிழமை மதியத்துக்கு மேல் மட்டும்தான் அவள் மேசைக்கு இணைப்பு. மற்ற நேரத்தில் யார் கூப்பிட்டாலும், வரவேற்பு மேசைப் பெண், "பேமெண்ட்டா? வெள்ளிக்கிழமை சார்" என்று சொல்லி வைத்துவிட வேண்டும். அந்தப் பெண் சேர்ந்த முதல் நாளே பூட்டக்கா இதைச் சொல்லிக் கொடுத்திருந்தாள். பெண்ணும் கெட்டிக்காரி, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதையே சொல்லுவாள்.

இன்னொரு வழக்கமும் இருந்தது, அதை யாரும் சட்டமாகப் போடவில்லை. வங்கியிலிருந்து பணம் போக இரண்டு சாவி வேண்டும். சாவி என்றால் விரல் நீளத்துக்கு ஒரு சின்னக் கருவி, அழுத்தினால் எண் காட்டும். ஒன்று பட்டியல் போடுகிறவருக்கு, இன்னொன்று அதைச் சரிபார்த்து அனுமதிக்கிற மேனேஜருக்கு. பழைய மேனேஜர் அடிக்கடி வெளியூர் போகிறவர். "உன்னை நம்பாம யாரம்மா நம்பறது" என்று தன் சாவியையும் அவள் மேசை டிராயரில் போட்டுவிட்டுப் போனார். அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு வந்த இளைய மேனேஜரும் வழக்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தன் சாவியை அதே டிராயரில் வைத்தார். ஆக, கேட்கிறவளும் அவளே, சரி என்கிறவளும் அவளே. அதை அவள் ஒரு விருது மாதிரி நினைத்திருந்தாள். உண்மையில் அது ஒரு ஓட்டை. ஓட்டைக்குப் பக்கத்திலேயே வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தால் அது ஜன்னல் மாதிரித்தான் தெரியும்.

நடந்தது இதுதான். ஒரு வியாழக்கிழமை பெட்டிக்காரர் கூப்பிட்டார். சோப்பு அடுக்குகிற அட்டைப் பெட்டிகளை அவருடைய சின்னப் பட்டறைதான் செய்து கொடுத்தது. அதிகம் பேசாத மனுஷர், குரலைக் கேட்டாலே யாரிடமோ இடம் விட்டு ஒதுங்கி நிற்கிற மாதிரி இருக்கும்.

"அக்கா, காகித ஆலைக்காரன் கையில காசு இல்லாம ஷீட் தர மாட்டேங்கிறான். ஷீட் இல்லன்னா உங்க ஆர்டர் பாதியில நிக்கும். இந்த ஆர்டர் பணத்த மட்டும் முன்னாடி கொடுத்தீங்கன்னா..."

பெட்டி வராவிட்டால் சோப்பு மலையாகக் குவியும். அவள் நடையில் மேனேஜரை மடக்கிக் கேட்டாள். அவர் கையில் தேநீரோடு, "கொடுத்துடுங்க மேடம்" என்றார். அந்த ஆர்டரின் முழுத் தொகையும், வெள்ளிக்கிழமைச் சட்டத்தையும் மீறி, முன்பணமாக அன்றைக்கே போயிற்று. கணக்கில் அதை முன்பணம் என்ற தனித் தலைப்பில் முறையாக எழுதினாள். பெட்டிகளும் சொன்ன நாளில் வந்து இறங்கின, கூடவே பில்லும் வந்தது. பில்லை ஏற்றுகிற அன்றே அந்த முன்பணத்தை எடுத்து அதில் கழித்து முடிச்சுப் போட்டிருக்க வேண்டும். கெடு முடிய இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே, அப்போது கழித்துக்கொள்ளலாம், நினைவில்தான் இருக்கிறதே என்று விட்டாள். அவள் நினைவு அந்த அலுவலகத்தில் புகழ் பெற்றது. போன வருஷம் எந்த லாரி எந்த மழையில் நின்றது என்பதுவரை சொல்லுவாள்.

கெடு முடிந்த வாரம் அவள் வீட்டுக்காரருக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை. கடிகாரம் பழுது பார்க்கிற மனுஷருக்குக் கண்தான் சோறு. அந்த வெள்ளிக்கிழமை அவள் உடம்பு நாற்காலியில் இருந்தது, மனசு ஆஸ்பத்திரி நடையில் இருந்தது. பட்டியலுக்குத் தெரிந்ததெல்லாம் கெடு முடிந்த பில் மட்டும்தான், முன்பணம் இன்னொரு தலைப்பில் பேசாமல் படுத்துக் கிடந்தது. பெட்டிக்காரரின் பில் பட்டியலில் வந்தது. மூன்று காகிதமும் ஒத்துப் போயின. முதல் சாவியை அழுத்தினாள், இரண்டாவது சாவியையும் அழுத்தினாள். ஒரே பெட்டிகளுக்கு இரண்டாவது தடவை பணம் போயிற்று.

காலாண்டு முடிவில் தீராமல் நிற்கிற முன்பணங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. முதலில் கோபம்தான் வந்தது, யார் இப்படிச் செய்தது என்று. யாரும் இல்லை, அவளேதான் என்று பிறகு புரிந்தது. வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்தாள். இரண்டு தடவையும் போயிருந்தது, திரும்பி வரவில்லை. அவருக்கு நாம் தர வேண்டிய வேறு பில் ஏதாவது விட்டுப்போய், அதற்கு இது ஈடாகி இருக்கக் கூடாதா என்று அதையும் தேடினாள். ஒன்றுமில்லை, போன வாரம் வந்த புது பில் ஒன்று மட்டும் கெடுவுக்காகக் காத்திருந்தது.

வீட்டில் வீட்டுக்காரர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"என்ன, இன்னிக்கு வீட்டுப் பூட்டையே திறக்க மறந்து வாசல்ல நின்னியாமே, பக்கத்து வீட்டு அண்ணி சொன்னாங்க" என்றார்.

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"அந்தப் புது பில் இருக்கே, அதுல கழிச்சுட்டுப் போயேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்கும் அதுதான் முதல்ல தோணிச்சு."

"அப்புறம் என்ன?"

"நான் சொல்லாம கழிச்சா அவர் என்ன நினைப்பாரு? அவர் கணக்குல பில் நிக்கும், நம்ம கணக்குல தீர்ந்திருக்கும். ரெண்டு பேரு கணக்கும் ரெண்டு கதை சொல்லும். அதோட அந்தப் பணத்த நம்பி ஆளுங்களுக்குச் சம்பளம் போட நினைச்சிருந்தா? வெள்ளிக்கிழமை வரும்னு உக்காந்திருக்கிற மனுஷனுக்கு நான் வாயத் திறக்காம வெறுங்கைய நீட்டறதா?"

"அப்ப மேனேஜர்கிட்ட சொல்லு."

"சொன்னா, இத்தன வருஷ பேரு..."

 வீட்டுக்காரர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக மேனேஜரின் அறைக் கதவைத் தட்டினாள். வங்கிக் கணக்கு, ஆர்டர், பில் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, வளைத்துப் பேசாமல் சொன்னாள். மேனேஜர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"மேடம், நான் கேக்கறத தப்பா எடுத்துக்காதீங்க. அவசரம்னு முன்பணம் கொடுத்தது நீங்க. அதே பில்லுக்கு மறுபடி கொடுத்ததும் நீங்க. ரெண்டு சாவியும் உங்க டிராயர்ல. பணம் வாங்கின ஆளும் இத்தன வாரமா மூச்சு விடல. நாளைக்கு ஆடிட்டர் இதைப் பார்த்தா என்ன கேப்பாரு?"

என்ன கேட்பார் என்று அவளுக்குத் தெரியும். உனக்கும் அவருக்கும் பாதி பாதியா என்று கேட்பார். வேறு கம்பெனிகளில் அப்படி நடந்த கதைகளை அவளே மதிய இடைவேளையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ருசியாகச் சொல்லியிருக்கிறாள். 

"இது தீர்ற வரைக்கும் ரெண்டு சாவியும் என்கிட்ட இருக்கட்டும்" என்றார் அவர்.

அவளே போய் டிராயரைத் திறந்து எடுத்து வந்து கொடுத்தாள். வேலை போகவில்லை, சம்பளம் குறையவில்லை. ஆனால் பூட்டக்கா என்ற பெயரில் மிச்சமிருந்தது வெறும் இரும்புதான் என்று நாற்காலிக்குத் திரும்பி நடக்கும்போது அவளுக்குத் தோன்றியது. அந்த வார வெள்ளிக்கிழமைப் பட்டியலை மேனேஜரே உட்கார்ந்து அனுப்பினார். அவள் பக்கத்தில் நின்று காகிதம் எடுத்துக் கொடுத்தாள்.

பணத்தைத் திரும்ப வாங்க ஒரு முறை இருக்கிறது, அதை அவள் அறிவாள். முதலில் பெட்டிக்காரரிடம் அவருடைய கணக்கு விவரத்தைக் கேட்டு வாங்கினாள். அவர் எழுதி வைத்திருக்கிற கணக்கும் நம் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் யார்மேலும் பாய முடியாது. அவருடைய மருமகன் அதை அனுப்பினான், மாமனாரின் கணக்கையெல்லாம் அவன்தான் எழுதினான். அதில் அந்த இரண்டாவது தொகை பில் எதற்கும் சேராமல், சோப்புக் கம்பெனியின் பெயரில் மிச்சமாக நின்றது. மறைக்கவில்லை. அதைப் பார்த்த பிறகாவது அவள் கொஞ்சம் நிதானித்திருக்கலாம். ஆனால் பேர் கெட்டுக்கிடக்கிறவளுக்கு நிதானம் எங்கிருந்து வரும்?

கடிதம் எழுதினாள். எந்த பில், எந்தெந்தத் தேதியில் எவ்வளவு, வங்கி எண்கள் என்ன, எல்லாம் கச்சிதம். பணத்தைக் கம்பெனியின் வங்கிக் கணக்குக்கே திருப்பி அனுப்பலாம், அல்லது வரும் பில்களில் கழித்துக்கொள்ள எழுத்தில் சம்மதம் தரலாம் என்று இரண்டு வழியும் சொன்னாள். அதோடு நிறுத்தியிருந்தால் நல்ல கடிதம். கடைசியில் ஒரு வரி சேர்த்தாள். "கூடுதல் தொகை வந்தது தெரிந்தும் தாங்கள் இதுவரை தெரிவிக்காதது எங்களுக்கு மிகுந்த வருத்தமளிக்கிறது." எழுதும்போது அது மேனேஜர் படிப்பதற்காக எழுதிய வரி என்று அவளுக்கே தெரியும். தான் அந்தப் பக்கத்து ஆள் இல்லை, இந்தப் பக்கத்து ஆள் என்று காட்டிக்கொள்ள எழுதிய வரி. மேனேஜர் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார், கடிதம் போயிற்று.

இரண்டு நாள் கழித்து, வேலை முடிந்து தொழிற்சாலை வாசலுக்கு எதிரே பஸ்ஸுக்கு நின்றாள். பெட்டிக்காரர் அங்கே வந்தார். சட்டைக் கையில் பசை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. பழுப்பு உறை ஒன்றை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"அக்கா, உங்களுக்கு இதனால கஷ்டமாயிடுச்சுன்னு கிடங்குக்காரர் சொன்னாரு. பாதிதான் புரட்ட முடிஞ்சுது. இத வச்சுக்குங்க. மீதிய அடுத்த மாசம் கொண்டாந்து உங்க கையிலயே தரேன்."

அவள் இரண்டடி பின்னால் போனாள். வாசலிலிருந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பூட்டக்கா, பெட்டிக்காரர், நடுவில் காசு உறை. ஆடிட்டர் வரவே வேண்டாம், வாசல் காவல்காரர் பார்த்தாலே போதும்.

"அண்ணே, மொதல்ல அத உள்ள வைங்க. வைங்கன்னா!"

"இல்லக்கா, உங்க பணம்தானே..."

"என் பணமில்ல அண்ணே, கம்பெனி பணம். வங்கி வழியா வந்தது, வங்கி வழியாத்தான் போகணும், இல்லன்னா பில்லுல கழியணும். இத என் கையில கொடுத்தீங்கன்னா நீங்க கொடுத்ததுக்குச் சாட்சி இல்ல, நான் வாங்கலங்கிறதுக்கும் சாட்சி இல்ல. நம்ம ரெண்டு பேரையும் சேர்த்துக் கட்டித் தண்ணியில தள்ளிடும் இது."

அவர் உறையைச் சட்டைக்குள் செருகினார்.  

"மருமகன் ஒரு யோசனை சொன்னான். அந்தத் தொகைய பில்லுல குறைச்சதா ஒரு கிரெடிட் நோட் போட்டுக் கொடுத்துடலாமான்னு."

"வேணாம் அண்ணே. நீங்க விலையக் குறைக்கல, நாங்க பெட்டியத் திருப்பி அனுப்பல. வித்தது வித்ததுதான். கிரெடிட் நோட் போட்டா உங்க வியாபாரமே குறைஞ்ச மாதிரி கணக்காயிடும், வரியும் தப்பாகும். இது வெறும் கூடுதலா வந்த பணம். நீங்க முன்பணமா வாங்கி வச்சிருக்கீங்க, அவ்வளவுதான்."

"சரிக்கா." சைக்கிள் பக்கம் போனவர் திரும்பி வந்தார்.  "எல்லாம் சரி. ஆனா அந்தக் கடைசி வரி எழுதியிருக்க வேணாம். நான் பணம் வந்த அன்னிக்கே போன் பண்ணினேன். மறுநாளும் பண்ணினேன். அந்த வாரம் முழுக்கப் பண்ணினேன். யாரும் காது கொடுக்கலன்னா நான் என்ன பண்றது? ரெண்டு வாரம் தொடாம வச்சிருந்தேன். அப்புறம் வெட்டற மெஷின் மோட்டார் எரிஞ்சு போச்சு. அடுத்த ஆர்டருக்கு முன்பணமா வச்சுக்கச் சொல்றாங்க போலன்னு என் மனச நானே சமாதானம் பண்ணிக்கிட்டு எடுத்தேன். எடுத்தது என் தப்புதான். ஆனா மறைக்கல அக்கா. அந்தக் கடிதத்த எனக்குப் படிச்சுக் காட்டினது என் பொண்ணு."

பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. அவர்தான், "ஏறுங்கக்கா, கூட்டம் வரும்" என்று சொல்லிவிட்டுத் தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் வரவேற்பு மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஏம்மா, அந்தப் பெட்டிக்கார அண்ணன் எனக்கு எப்பவாவது போன் பண்ணினாரா? எங்க வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன் நடந்த சமயத்துல?"

"பண்ணினாரே அக்கா! நாலஞ்சு தடவை." பெண் உற்சாகமாகச் சொன்னாள். "வியாழக்கிழமை பண்ணினப்ப நீங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தீங்க. மத்த நாள்ல, அக்காகிட்ட பேசணும், பேமெண்ட் விஷயம்னு சொன்னாரு. வெள்ளிக்கிழமை சார்னு சொன்னேன். இல்லம்மா, பணம் வந்துடுச்சு, அதப் பத்தித்தான்னு சொன்னாரு. வந்துடுச்சுன்னா அப்புறம் என்ன சார்னு வச்சுட்டேன். எல்லாரும் ஏதாவது சாக்கு சொல்லித்தானே உங்க லைனுக்கு வரப் பாப்பாங்க? நீங்கதானே அக்கா சொல்லியிருக்கீங்க?"

நீங்கதானே சொல்லியிருக்கீங்க. ஆமாம், அவள்தான் சொல்லியிருந்தாள். பணம் கேட்கிறவர்களின் குரல் காதில் விழாமல் இருக்க அவள் கட்டிய சுவர், பணத்தைத் திருப்பித் தர வந்தவரையும் வெளியே நிறுத்திவிட்டது. அந்தச் சுவருக்குப் பின்னால் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு, ஏன் சொல்லவில்லை என்று வேறு அவரைக் கேட்டிருக்கிறாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

இதில் ஒரு வேடிக்கையும் இருந்தது, அது அவளுக்கு உடனே உறைத்தது. கூட்டுக் களவாணி எவனாவது பணம் கூடுதலாக வந்துவிட்டது என்று கம்பெனி வரவேற்பு மேசைக்கு வாரம் முழுக்கப் போன் போடுவானா? அவளைக் காப்பாற்றப் போவது அதுதான். அவளை வெட்கப்பட வைத்ததும் அதுதான். ஒன்றை எடுத்துக்கொண்டு இன்னொன்றை விட்டுவிட முடியாது. நடந்ததில் தனக்குச் சாதகமான பாதியை மட்டும் மேனேஜரிடம் சொல்லிவிட்டு, மீதியை மென்று விழுங்கிவிடலாம் என்று மாடிப்படி ஏறும்போது ஒரு கணம் நினைத்தாள். அடுத்த படியில் அந்த நினைப்பை விட்டாள்.

வரவேற்புப் பெண்ணையும் கூட்டிக்கொண்டுதான் மேனேஜரின் அறைக்குப் போனாள். பெண் அதே உற்சாகத்தோடு அதே கதையைச் சொன்னாள், இந்தத் தடவை கொஞ்சம் நடித்தும் காட்டினாள். பிறகு பூட்டக்கா பேசினாள்.

"சார், அவர் சொல்லலன்னு நான் எழுதினது பொய். தெரியாம எழுதின பொய்தான், ஆனா விசாரிக்காம எழுதினேன். நேத்து அவர் காசு கொண்டுவந்து நீட்டினாரு, வாசல் எதிர்லயே. வாங்கல. அதையும் உங்ககிட்ட சொல்லிடணும்னு நினைச்சேன்."

மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். தன் மேசை டிராயரைப் பார்த்தார். சாவிகள் அதற்குள்தான் இருந்தன.

"மேடம், நானும் ஒண்ணு சொல்லணும். நடையில தேநீர் குடிச்சுக்கிட்டே கொடுத்துடுங்கன்னு சொன்னது நான். என் சாவி உங்க டிராயர்ல இருந்ததும் என் தப்பு. அத மறந்துட்டு உங்கள ஒரு மாதிரி பார்த்தேன்."

அவர் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

அன்றைக்கே இரண்டாவது கடிதம் போயிற்று. அதில் முதல் பத்தி முழுக்க வருத்தம்தான். தாங்கள் பலமுறை தொலைபேசியில் அழைத்தும் எங்கள் அலுவலகம் செவிசாய்க்காததற்கு வருந்துகிறோம், முந்தைய கடிதத்தின் கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறோம் என்று எழுதினாள். அவர் மகள் படிப்பாள் என்று நினைத்து எழுதினாள். பெட்டிக்காரர் கேட்டுக்கொண்டபடி கூடுதல் தொகையை அடுத்து வரும் மூன்று பில்களில் சமமாகப் பிரித்துக் கழிப்பது என்று முடிவாயிற்று. ஒரே பில்லில் கழித்தால் அந்த மாதம் பட்டறையில் யாருக்கும் சம்பளம் இருக்காது. மூன்றில் கழித்தால் கம்பெனிக்கும் பணம் வந்துவிடும், பட்டறையும் ஓடும். அவர் கையெழுத்துப் போட்டு ஒரு பிரதி, மேனேஜர் கையெழுத்துப் போட்டு ஒரு பிரதி.

முதல் மாதம் பணம் அனுப்பும்போது கூடவே விவரச் சீட்டு போயிற்று. பில் தொகை இவ்வளவு, கூடுதலில் கழித்தது இவ்வளவு, இப்போது வருவது இவ்வளவு, இன்னும் கழிக்க வேண்டியது இவ்வளவு. மருமகன் அதைப் பார்த்து அவர்கள் கணக்கிலும் அப்படியே எழுதினான். இரண்டாவது மாதமும் அப்படியே. மூன்றாவது மாதத்துக்கு நடுவில் பெட்டிக்காரரின் ஆர்டரைக் குறைக்கலாமா என்று கொள்முதல் பிரிவில் யாரோ கேட்டதாகக் காதில் விழுந்தது. பூட்டக்கா அங்கே நேராகப் போய், பணம் கூடுதலாக வந்ததைத் தானாகச் சொன்ன ஆள் நம்மிடம் வேறு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வந்தாள். ஆர்டர் குறையவில்லை.

மூன்றாவது கழிவு முடிந்ததும் இரண்டு பக்கத்துக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அந்தக் கூடுதல் இரண்டிலும் ஒன்றுமில்லாமல் தீர்ந்திருந்தது. மேனேஜர் தன் டிராயரைத் திறந்து இரண்டு சாவிகளையும் எடுத்து மேசையில் வைத்தார்.

"பழையபடி வச்சுக்குங்க மேடம். ஆடிட்டரே எல்லாம் பார்த்துட்டாரு, சுத்தமா இருக்குன்னு சொன்னாரு."

மாதக்கணக்காக அவள் ஏங்கியது இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான். அது வந்தபோது ஒரு சாவியை மட்டும் எடுத்துக்கொண்டாள். மற்றதை விரல் நுனியால் அவர் பக்கம் தள்ளினாள்.

"இது உங்களோடது சார். நான் கேக்கறேன், நீங்க சரி பாருங்க. எனக்கு அன்னிக்குப் பக்கத்துல ஒரு ஜோடிக் கண்ணு இருந்திருந்தா இவ்வளவும் நடந்திருக்காது. கண்ணுன்னா என்னன்னு எங்க வீட்டுல கேளுங்க, கதை கதையா சொல்லுவாரு."

மேனேஜர் சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமைப் பட்டியலோடு முன்பணப் பட்டியலும் சேர்ந்தே அவர் மேசைக்குப் போகிறது. அவர் ஒவ்வொரு வரியையும் கேள்வி கேட்டு அவள் உயிரை வாங்குகிறார். வரவேற்புப் பெண்ணுக்கும் புதுப் பாடம் வந்திருக்கிறது. "பணம் வரலையா சார், இல்ல வந்த பணத்தப் பத்தியா?" என்று முதலில் கேட்கிறாள். இரண்டாவது என்றால் எந்தக் கிழமையாக இருந்தாலும் இணைப்பு பூட்டக்காவின் மேசைக்கு வரும். அப்படி ஒரு போன் வந்து அவள் பார்க்கவில்லை. யார் அப்படிக் கூப்பிடப் போகிறார்கள் என்று அவளே நினைத்திருந்தாள்.

அடுத்த மாதம் கழிவு எதுவும் இல்லாமல் பெட்டிக்காரருக்கு முதல் முழு பில் போயிற்று. திங்கட்கிழமை காலை, மேசையில் போன் அடித்தது.

"அக்கா, நான்தான்." பின்னால் வெட்டு மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. "பணம் வந்துச்சு."

அவள் வெள்ளிக்கிழமைப் பட்டியலை இழுத்து வைத்துக்கொண்டாள். "என்ன அண்ணே, கூடவா, குறைச்சலா?"

"இல்லக்கா. சரியா வந்திருக்கு. அதச் சொல்லலாம்னுதான் கூப்பிட்டேன்."

அந்த மேசையில் உட்கார்ந்த இத்தனை வருஷத்தில் பணம் சரியாக வந்தது என்று சொல்ல அவளை யாரும் கூப்பிட்டதில்லை.  வைக்கட்டுமா என்று அவர் கேட்டபோது, இருங்க அண்ணே, மெஷின் எப்படி ஓடுது, பொண்ணு நல்லா இருக்காளா என்று கேட்டாள்.